அமுக்கராவா, வலேரியனா? தூக்கத்துக்காக வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"தம்பி, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு தட்டுது. அண்ணன் மகன் அஸ்வகந்தா அனுப்பியிருக்கான். கூட வேலை பார்க்கிற டீச்சர் வலேரியன் சொட்டு மருந்து நல்லதுங்கிறாங்க. எதை எடுக்கட்டும்?"

ஓர் அக்கா கேட்டது இது. மருந்துக் கடையில் நின்ற காலத்தில் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வரும். கேட்பவர்கள் எதிர்பார்க்கும் பதில் 'இது', அல்லது 'அது'. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் வேறாக இருக்கும். இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கல்லீரலுக்கு எப்போதாவது வைத்தியம் பார்த்ததுண்டா? இந்த இரண்டு மூலிகைகளும் தூக்கத்துக்குத் தரும் பலன் ஏறக்குறைய ஒரே அளவு, அதாவது கொஞ்சம்தான். அவற்றில் எது உங்களுக்கு ஆகாது என்பதில்தான் பெரிய வித்தியாசம். அதனால் இந்த ஒப்பீட்டை ஆபத்துப் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அஸ்வகந்தா நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா கிழங்கு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதன் தாவரப் பெயரிலுள்ள 'சோம்னிஃபெரா' என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். வலேரியன் ஐரோப்பியச் செடி. இரண்டாம் உலகப் போரின்போது விமானக் குண்டுவீச்சுப் பதற்றத்தைத் தணிக்க இங்கிலாந்தில் அதைக் கொடுத்திருக்கிறார்கள். நம்மூரில் அது இணையக் கடைகளில் மாத்திரையாகவும், ஹோமியோபதிக் கடைகளில் தாய்த் திராவகமாகவும் கிடைக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

1. தூக்கக் கோளாறு எந்த வகை? படுத்தும் தூக்கம் வரவில்லையா, வந்த தூக்கம் பாதியில் கலைகிறதா, அல்லது வேறு நோயோ மாத்திரையோ எழுப்பிவிடுகிறதா?
2. பலன் உண்மையில் எவ்வளவு, எத்தனை வாரத்தில்?
3. கல்லீரலுக்கு என்ன ஆகும்?
4. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு எப்படி மோதும்?
5. டப்பாவுக்குள் இருப்பது, ஆய்வில் கொடுக்கப்பட்ட அதே பொருள்தானா?

விலையை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டுமே பெரிய விலை இல்லை. செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

## அமுக்கரா

### பலன்

ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை. 2019-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தூக்கமின்மை உள்ள 60 பேரில் ஒரு பகுதியினருக்கு வேர்ச் சாறு 300 மி.கி. வீதம் நாளுக்கு இரு வேளை, 10 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். 2021-இல் இதுபோன்ற ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, சேர்த்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு: பலன் உண்டு, ஆனால் சிறிது. தூக்கமின்மை நோய் இருப்பவர்களிடமும், நாளுக்கு 600 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களிடமும், 8 வாரம் அல்லது அதற்கு மேல் தொடர்ந்தவர்களிடமும் அது சற்று கூடுதலாகத் தெரிந்தது.

அந்த 8 வாரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு போட்டு இன்றிரவே தூங்குவதற்கான பொருள் இதுவல்ல. மனக் கவலை குறைவதால் தூக்கம் மெல்லச் சீராகிறது என்பதுதான் பொருத்தமான விளக்கம். ஆகவே வேலைக் கவலையோடு படுத்துப் புரள்பவருக்கு இது பொருந்தலாம். குறட்டையால் மூச்சு நின்று எழுபவருக்கோ, சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுபவருக்கோ இது ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் கணிசமானவற்றுக்குச் சாற்றைக் கொடுத்தவர்களோ, பணம் கொடுத்தவர்களோ அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள்தான். அதனால் அவை பொய்யாகிவிடாது. ஆனால் 'விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை அதற்கேற்ற எடையில்தான் படிக்க வேண்டும்.

### கல்லீரல்

இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

பெரும்பாலானவர்களுக்கு அமுக்கராவால் வருவது வயிற்று உபாதை, பேதி, பகல் மந்தம் போன்ற சில்லறைத் தொல்லைகள்தான். ஆனால் மிகச் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படுகிறது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. 2020-இல் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலுமாக ஐந்து பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. நாளுக்கு 450 முதல் 1,350 மி.கி. வரை எடுத்தவர்கள். தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் காமாலையும் கடும் அரிப்பும் வந்தன. நிறுத்திய பிறகு 1 முதல் 5 மாதத்தில் கல்லீரல் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பின.

2023-இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்டது இன்னும் கவலை தருவது. அமுக்கரா மட்டுமே உள்ள தயாரிப்பை எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு முன்பே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்தது. அவர்களில் மூன்று பேர் கல்லீரல் செயலிழப்போடு வந்து இறந்துபோனார்கள். கல்லீரல் நன்றாக இருந்தவர்கள் நீண்ட நாள் அவதிப்பட்டாலும் தேறிவிட்டார்கள். இதை 'அமுக்கரா ஆளைக் கொல்லும்' என்று படிக்கக் கூடாது. ஏற்கெனவே சேதமான கல்லீரலுக்கு இன்னொரு அடியைத் தாங்கும் தெம்பு இருக்காது என்றே படிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்புக் கல்லீரல் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது 'கிரேடு ஒன் ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருப்பார்கள், மடித்து அலமாரியில் வைத்திருப்போம். அந்தத் தாளைத் தேடி எடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு டப்பாவைத் திறப்பது நல்லது. வாரக் கடைசிகளில் குடிப்பவர்களும் இதில் சேர்த்தி.

சரி, பாதிப்பு தொடங்கினால் எப்படித் தெரியும்? பல பேருக்கு முதலில் வருவது மஞ்சள் நிறம் இல்லை, அரிப்புதான். தடிப்போ தோல் நோயோ எதுவுமில்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் என்று அரிக்கும், இரவில் கூடும். அப்புறம் சிறுநீர் கடும் தேநீர் நிறத்துக்குப் போகும், மலம் வெளுக்கும், பசி போகும், கண் வெள்ளை மஞ்சளாகும். பித்தநீர் வடிகால் தடைபடும் வகைப் பாதிப்பு இது. ஆகவே ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் நன்றாக ஏறியிருக்கும். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற கல்லீரல் நொதிகள் இரண்டும் அந்த அளவுக்கு உயராமல் இருக்கலாம். எஸ்ஜிபிடி பெரிதாக ஏறவில்லை என்று ஆறுதல் அடைந்துவிடக் கூடாது.

நம்மூரில் இந்தக் கட்டத்தில்தான் தவறு நடக்கிறது. காமாலை என்றதும் யாரோ கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், பத்தியம் சொல்வார்கள். காரணமான சூரணமும் 'உடம்புக்குத் தெம்பு' என்று பக்கத்திலேயே தொடரும். முதலில் செய்ய வேண்டியது அமுக்கராவை அன்றே நிறுத்துவது. இரண்டாவது, அடுத்த நாளே கல்லீரல் பரிசோதனைக்குப் போவது. அதோடு ரத்தம் உறையும் நேரத்தையும் பார்க்கச் சொல்வார்கள், கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை அதுதான் காட்டும். போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பலர் மருத்துவரிடம் 'மாத்திரை எதுவும் சாப்பிடலை' என்றே சொல்கிறார்கள், நாட்டு மருந்தை மாத்திரையாக அவர்கள் எண்ணுவதில்லை. தேறிய பிறகு 'ஒருவேளை அது காரணமில்லையோ' என்று மறுபடி எடுத்துப் பார்ப்பது பெரிய ஆபத்து.

### மற்ற மாத்திரைகளோடு

தைராய்டு முதலில். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டும் தன்மை உடையது. 2018-இல் லேசான தைராய்டு குறைபாடு உள்ள 50 பேரிடம் 600 மி.கி. வீதம் 8 வாரம் நடந்த ஆய்வில் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் குறைந்தது, தைராய்டு ஹார்மோன் அளவு ஏறியது. சிலர் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை எடுப்பவருக்கு இது அளவுக்கு மீறிப் போகலாம். அப்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும், தூக்கமும் கெடும். தூக்கத்துக்காக எடுத்த பொருளே தூக்கத்தைக் கெடுக்கும், ஆளோ அளவு போதவில்லை என்று இன்னும் ஒரு மாத்திரை சேர்த்துக்கொள்வார்.

சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சற்றுக் குறைக்கும் என்பதால் அவற்றுக்கான மாத்திரைகளோடு சேரும்போது அளவு கீழே போகக்கூடும். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு மயக்கம் கூடும். நோய் எதிர்ப்பைத் தூண்டும் குணம் உண்டு என்பதால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும், முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றுக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் தொடக் கூடாது. புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். டென்மார்க் 2023-இல் அமுக்கராவை உணவுப் பொருட்களிலிருந்து தடை செய்தபோது சொன்ன காரணங்களில் தைராய்டும், பாலியல் ஹார்மோன்களும், கருச்சிதைவு அபாயமும் இருந்தன.

### டப்பாவுக்குள்

ஆய்வில் கொடுத்தது வேரிலிருந்து எடுத்த அடர்ந்த சாறு. 300 மி.கி. சாற்றில் அதன் செயல்படு பொருளான வித்தனோலைடு 5 சதவீதம் என்றால் அது 15 மி.கி. வேறொரு டப்பாவில் 120 மி.கி. சாறு, 35 சதவீதம் என்று இருக்கும். எண்ணிக்கை சிறிதாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் 42 மி.கி. ஆகிறது. மில்லிகிராமை மட்டும் பார்த்து 'இது லேசானது' என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும். அதுவும் தோராயம்தான், ஏனென்றால் வித்தனோலைடை அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

இலையும் கலந்த சாறுகள் உண்டு. இலை மலிவு. வேருக்குத்தான் மரபுப் பயன்பாடும் ஆய்வும் இருக்கின்றன. 2021-இல் ஆயுஷ் அமைச்சகமே இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவில் 'வேர் மட்டும்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அமுக்கரா சூரணம் இன்னொரு கதை. பெயரைக் கேட்டுக் கிழங்குப் பொடி என்று நினைக்கிறோம். மரபான சித்த முறையில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் சர்க்கரை நூற்றிருபத்தெட்டு பங்கு. அதாவது மொத்தத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. 4 கிராம் சூரணத்தில் 2 கிராம் சர்க்கரை, 1 கிராம் கிழங்கு. நீரிழிவுக்காரர் பாலில் கலந்து இரு வேளை குடிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் வேறு. வலிப்புக்குத் தரும் பெனிட்டாய்ன் போன்ற மருந்துகள் ரத்தத்தில் ஏறும் அளவை அது கூட்டிவிடும். ஆய்வில் பார்த்த சாறும் நம் சூரணமும் ஒன்றல்ல, ஒன்றின் பலனை மற்றதன் கணக்கில் எழுத முடியாது.

## வலேரியன்

### பலன்

வெளிப்படையாகச் சொன்னால், புகழுக்கு ஏற்ற ஆதாரம் இல்லை. 2006-இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் தூக்கத்தின் தரம் சற்று உயரலாம் என்றார்கள், ஆனால் ஆய்வுகள் பலவீனமானவை என்றும் சேர்த்தே எழுதினார்கள். 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி, நாட்பட்ட தூக்கமின்மைக்கு வலேரியனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு ஆலோசனை சொன்னது. ஐரோப்பிய மருந்து முகமையின் நிலை சற்று இளகியது. குறிப்பிட்ட வகைச் சாற்றை 400 முதல் 600 மி.கி. வரை, படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் எடுக்கலாம் என்கிறது. அவர்களும் 2 முதல் 4 வாரம் தொடர்ந்தால்தான் பலன் என்கிறார்கள். வலேரியன் உடனே தூக்கத்தில் தள்ளும் என்ற எண்ணத்தோடு முதல் நாள் ஏமாந்து இரண்டு மடங்கு போடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

### கல்லீரல்

இந்த இடத்தில் வலேரியன் கொஞ்சம் மேல். பாதிப்பு பதிவாகியிருக்கிறது, ஆனால் அரிது. அவற்றிலும் பல, வேறு மூலிகைகள் கலந்த தயாரிப்புகளை எடுத்தவர்களுடையது. நிறுத்தியதும் பெரும்பாலும் தேறியிருக்கிறார்கள். இதற்காக இது கல்லீரல் நோயாளிக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. முற்றிய கல்லீரல் நோயில் மயக்கம் தரும் எந்தப் பொருளும் குழப்பத்தையும் நினைவிழப்பையும் கொண்டுவரும், வலேரியனும் அதில் அடங்கும்.

### மற்ற மாத்திரைகளோடு

வலேரியனின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மயக்கத்தின் மேல் மயக்கம். அல்பிரசோலம், குளோனசெபம், சோல்பிடெம், பிரெகாபலின், டிராமடோல், சளிக்குத் தரும் சில மாத்திரைகள், மது, இவற்றோடு சேரும்போது காலையில் தலை கனக்கும், நடை தள்ளாடும். அறுபதைத் தாண்டியவர் இரவில் கழிவறைக்கு எழுந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது இப்படித்தான். காலை ஆறு மணிக்கு வண்டி எடுப்பவர்களும் முதல் சில நாட்கள் ஓட்டாமல் பார்ப்பது நல்லது. தலைவலி, வயிற்று உபாதை, சிலருக்கு அதிகமான கனவுகள் என்பவை மற்ற பக்கவிளைவுகள்.

இன்னொரு தவறு, பல வருடம் அல்பிரசோலம் போட்டவர் 'இது இயற்கை' என்று அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டு வலேரியனுக்கு மாறுவது. இரண்டாம், மூன்றாம் நாள் நடுக்கமும் படபடப்பும் வரும், வலிப்பு வரை போகலாம். அந்த வேலையை வலேரியன் செய்யாது. மாத்திரையை வாரக் கணக்கில், மருத்துவர் சொன்ன படியில்தான் குறைக்க வேண்டும். வலேரியனையுமே பெரிய அளவில் நெடுநாள் எடுத்துச் சட்டென்று நிறுத்தியவருக்குச் சிக்கல் வந்திருக்கிறது. 1998-இல் வெளியான அறிக்கை ஒன்றில், நாளுக்குப் பல வேளை எடுத்துவந்த 58 வயதுக்காரர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அது நின்றதும் மனக் குழப்பத்துக்கும் இதயச் சிக்கலுக்கும் ஆளானார்.

### டப்பாவுக்குள்

உண்மையான வலேரியன் நாறும். பழைய காலுறை வாடை என்பார்கள், பூனைக்கு மட்டும் அது பிடிக்கும். ஐசோவலெரிக் அமிலம்தான் காரணம். மாத்திரை டப்பாவைத் திறந்ததும் வாடை வராமல் இருப்பதற்கு மேற்பூச்சும் காரணமாக இருக்கலாம், ஆனால் வேர்ப் பொடிக் குப்பியில் வாடையே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

ஹோமியோபதித் தாய்த் திராவகத்தை இங்கே பலர் 'வலேரியன்' என்றே வாங்குகிறார்கள். அது வழக்கமாகப் பத்துக்கு ஒன்று என்ற பலத்தில் சாராயத்தில் ஊறவைத்தது. 20 சொட்டு சுமார் 1 மி.லி., அதாவது 0.1 கிராம் வேர். ஐரோப்பிய ஆய்வுகளில் 600 மி.கி. சாறு என்பது சுமார் 2 முதல் 4 கிராம் வேருக்குச் சமம். எனவே சொட்டு மருந்துக்காரர் எடுப்பது அதில் இருபதில் ஒரு பங்கு, அல்லது அதைவிடக் குறைவு. ஆபத்து குறைவுதான், ஆனால் ஆய்வின் பலனை எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை. சாராயம் இருப்பதால் குடியை விட்டவர்களும், குடியை விடுவதற்கான மாத்திரை சாப்பிடுபவர்களும் தவிர்க்க வேண்டும். இமயமலைப் பகுதியில் வளரும் 'தகர்' எனப்படும் இந்திய வலேரியன் உறவுக்காரச் செடிதான், ஆனால் வேறு இனம். ஐரோப்பியச் செடியின் ஆய்வுகள் அதற்குப் பொருந்தாது.

## பக்கத்தில் பக்கத்தில்

| | அமுக்கரா | வலேரியன் |
|---|---|---|
| ஆதாரம் | சிறிது, கவலையோடு சேர்ந்த தூக்கமின்மைக்கு | பலவீனம், முரண்பட்டது |
| ஆய்வில் பார்த்த அளவு | வேர்ச் சாறு நாளுக்கு 600 மி.கி. | சாறு 400–600 மி.கி., படுக்கும் முன் |
| காத்திருக்க வேண்டியது | 8 வாரம் | 2–4 வாரம் |
| கல்லீரல் | அரிது, ஆனால் தெளிவாகப் பதிவானது | மிக அரிது |
| பெரிய மோதல் | தைராய்டு, சர்க்கரை மாத்திரைகள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள் | தூக்க மாத்திரை, நரம்பு வலி மருந்து, மது |
| கர்ப்பம், பாலூட்டல் | கூடாது | தவிர்க்கவும் |
| அறுவைச் சிகிச்சை | இரு வாரம் முன்பே நிறுத்தவும் | நெடுநாள் எடுத்திருந்தால் மெல்லக் குறைக்கவும், மயக்க மருந்து மருத்துவரிடம் சொல்லவும் |

## ஒளிந்திருக்கும் செலவு

அமுக்கராவை ஒழுங்காக 8 வாரம் சோதித்துப் பார்க்க, நாளுக்கு இரண்டு வீதம் 112 மாத்திரை, அதாவது 60 மாத்திரை டப்பா இரண்டு வேண்டும். அது பெரிதல்ல. தொடங்கும் முன் ஒரு கல்லீரல் பரிசோதனையும், தைராய்டு மாத்திரை எடுப்பவர் மருத்துவர் சம்மதத்தோடு எடுப்பதானால் டிஎஸ்எச் பரிசோதனை முன்னும் 6 முதல் 8 வாரம் கழித்தும் சேர்ந்தால்தான் உண்மையான செலவு. இவற்றைச் செய்ய மனமில்லாதவர் அந்த மாத்திரையையும் வாங்காமல் இருக்கலாம்.

வலேரியனில் செலவு வேறு விதம். பலன் தெரியாமலே மாதக் கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்போம். படுக்கும் முன் ஏதோ ஒன்றைப் போட்டால்தான் தூக்கம் வரும் என்ற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

## அந்த அக்காவின் கதை

முதலில் சொன்ன அக்காவுக்கு வயது 54. தினமும் எடுப்பது தைராக்ஸின் 75 மைக்ரோகிராம், மெட்ஃபார்மின், காலையும் இரவும் கிளைமெபிரைடு, பாத எரிச்சலுக்கு இரவில் பிரெகாபலின். மூன்று மணிக்கு எப்படி முழிப்பு வருகிறது என்று கேட்டேன். "நெஞ்சு அடிச்சுக்கும், நைட்டி நனைஞ்சிருக்கும், பசிக்கும்" என்றார். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? எடை குறைக்க வேண்டும் என்று ஒரு மாதமாக ஆறரை மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறாராம். கிளைமெபிரைடு மட்டும் பழைய அளவில்.

வீட்டில் இருந்த சர்க்கரை அளக்கும் கருவியால் அடுத்த முறை முழிப்பு வந்ததும் குத்திப் பார்க்கச் சொன்னேன். 62 காட்டியது. குறைந்த சர்க்கரைதான் அவரை எழுப்பிக்கொண்டிருந்தது. மருத்துவர் இரவு கிளைமெபிரைடை நிறுத்தினார், சில நாளில் தூக்கம் சரியாயிற்று.

அமுக்கராவை எடுத்திருந்தால் இரண்டு பக்கமும் இடித்திருக்கும். சர்க்கரை இன்னும் இறங்கியிருக்கலாம், தைராக்ஸினோடு சேர்ந்து படபடப்பும் ஏறியிருக்கலாம். வலேரியன் எடுத்திருந்தால் இன்னும் மோசம் என்பேன். பிரெகாபலினோடு சேர்ந்து அயர்ந்து தூங்கியிருப்பார், சர்க்கரை 62-க்கும் கீழே போகும்போது எழுப்பும் அந்த வியர்வையும் படபடப்பும் உறைக்காமலே போயிருக்கும். இரவில் வியர்வையோடு முழிப்பு வருகிற நீரிழிவுக்காரர் எந்தத் தூக்க மருந்தையும் தேடும் முன் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

## யாருக்கு எது

மாத்திரை எதுவும் எடுக்காத, குடிக்காத, கல்லீரல் அளவுகள் சரியாக உள்ள, நடுவயதுக்குள் இருக்கும் ஒருவர், கவலையால் படுத்ததும் புரள்கிறார் என்றால் அமுக்கரா வேர்ச் சாற்றை 8 வாரம் பார்க்கலாம். அதற்கு மேல் ஆய்வுகள் குறைவு என்பதால் மூன்று மாதம் தாண்ட வேண்டாம்.

தைராய்டு மாத்திரையோ, முடக்குவாதம், லூபஸ் போன்ற நோயோ, கொழுப்புக் கல்லீரலோ உள்ளவர் ஏதாவது ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மயக்கம் தரும் வேறு எதுவும் எடுக்காத பட்சத்தில், மருத்துவரிடம் சொல்லிவிட்டு வலேரியன் சாற்றை நான்கு வாரம் சோதிக்கலாம். பலன் இல்லை என்றால் அத்தோடு விடுங்கள், அளவைக் கூட்டாதீர்கள்.

தூக்க மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி, கல்லீரல் இறுகியவர், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தவர் என்றால் இரண்டுமே வேண்டாம். இரண்டையும் கலந்து விற்கும் மாத்திரைகளை யாருக்கும் நான் சொல்வதில்லை. அரிப்பு வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருப்பவருக்கு இந்த இரண்டையும்விட ஆதாரம் வலுவானது தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016-இல் முதல் சிகிச்சையாக அதைத்தான் சொன்னது. எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையிலும் மாற்றாமல் வைப்பது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தையே குறைப்பது என்று போகும். முதல் இரண்டு வாரம் கடுப்பாக இருக்கும், அதனால்தான் டப்பா சுலபமாகத் தோன்றுகிறது.

எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், வாங்கிய அன்றே டப்பா மூடியில் பேனாவால் இரண்டு தேதி எழுதி வையுங்கள், தொடங்கிய நாளும் நிறுத்தும் நாளும். கல்லீரல் பாதிப்பால் வரும் அரிப்பு பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் நடுவில் வருவது. மருத்துவர் முதலில் கேட்பது 'எப்போது ஆரம்பித்தீர்கள்' என்பதைத்தான்.